முதலிடம் வைட்டமினுக்கு

வைட்டமின் பற்றி என்னிடம் கேளுங்கள். எது தண்ணீரில் கரையும், எது கொழுப்பில் கரையும், எது குறைந்தால் என்ன நோய் வரும், அந்த நோய் வந்தவனுக்குப் பல் ஈறில் ரத்தம் வருமா, கால் வளையுமா, எல்லாம் சொல்வேன். சோறு தின்றுகொண்டிருக்கும்போது கேட்டாலும் சொல்வேன். இவ்வளவு அறிவால் எனக்குக் கிடைத்தது மொத்தம் ஒன்றரை மதிப்பெண். அதை எப்படிச் சம்பாதித்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். யாரையும் திட்டாமல் எழுத முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், பள்ளிக்கூட நோட்ஸ், எது வந்தாலும் மடிப்போம், அடுக்குவோம், தைப்போம். வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் பட்டம் வாங்கினேன். அதற்குப் பிறகு குரூப் ஃபோர் தேர்வு இரண்டு முறை எழுதினேன். முதல் முறை எங்கேயும் இல்லை. இரண்டாம் முறை மூன்று கேள்வி கூடுதலாகச் சரியாகப் போட்டிருந்தால் இந்நேரம் ஏதாவது தாலுகா அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எரிந்து விழுந்துகொண்டிருப்பேன்.

மூன்றாவது முறைக்கு விண்ணப்பம் போட்டபோது வீட்டில் ஒரு ஒப்பந்தம் நடந்தது. என் வீட்டுக்காரர் ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய் உருட்டுகிறார். வெடிக்குள் மருந்து போடுவதற்கு முன்னால் காகிதத்தைச் சுற்றிக் குழாயாக ஆக்க வேண்டும், அந்த வேலை. அவர் கோபப்படாத ஆள். கோபப்படாத ஆள் போடும் நிபந்தனைதான் உலகத்திலேயே மோசமான நிபந்தனை.

“இந்த ஒரு தடவ எழுது” என்றார். “ஒரு மாசம் சோறு நான் ஆக்குறேன், தண்ணி நான் பிடிக்கிறேன், துணி நான் தொவைக்கிறேன். ஒன்ன ஒரு வேலை சொல்ல மாட்டேன். ஆனா இத்தோட சரி. கிடைக்கலைன்னா அம்புட்டுப் புஸ்தகத்தையும் கட்டிப் பரண்ல போட்டுறணும்.”

“போட்டுறேன்.”

“சத்தியமா?”

“மொதல்ல சோத்த ஆக்குங்க. குழையாம வந்தா சத்தியம் பண்றேன்.”

குழைந்துதான் வந்தது. ஆனாலும் சத்தியம் செய்தேன்.

பரீட்சைக்கு ஒரு மாதமும் இரண்டு மூன்று நாளும் இருந்தது. தமிழில் நூறு கேள்வி, அது எனக்குப் பயமில்லை. கணக்கில் இருபத்தைந்து, அதற்கும் பயிற்சி இருந்தது. மிச்சம் எழுபத்தைந்தும் பொது அறிவு. அதன் பாடத்திட்டத்தைப் பார்த்தால் அறிவியல், புவியியல், வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், தமிழ்நாட்டு வரலாறு, திட்டங்கள் என்று கல்யாணப் பந்தி மாதிரி நீண்டு கிடந்தது. காலையில் இரண்டு மணி நேரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி. முழுவதும் படிக்க முடியாது. எதைப் படிப்பது, எதை விடுவது என்பதில்தான் போன தடவை தோற்றேன். ஏதோ ஒரு நினைப்பில் மொத்தமாக விட்ட பொருளாதாரத்தில் சுலபமான கேள்வியாகக் கொட்டியிருந்தார்கள்.

இதைப் பிரஸ்ஸில் சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

என் பக்கத்தில் உட்கார்ந்து தாள் மடிக்கிற அக்காவுக்குப் போனில் செய்யத் தெரியாதது எதுவும் இல்லை. வீட்டில் சாம்பார் புளித்தாலும் போனில் இருக்கிற ஏ.ஐ.யைத்தான் கேட்பாள். “ஏடி, சிலபஸையும் பழைய கேள்வித்தாளையும் அதுக்குள்ள ஏத்திவிடு. எதுல எம்புட்டுக் கேள்வி வருதுன்னு எண்ணி வரிசையாச் சொல்லிரும். மேல இருக்கிறதப் படி, கீழ இருக்கிறத விட்ரு. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க” என்றாள்.

யோசனை நல்ல யோசனைதான். இப்போதும் சொல்கிறேன், யோசனையில் குற்றமில்லை. தேர்வாணையத்தின் இணையதளத்தில் பழைய கேள்வித்தாள் எல்லாம் சும்மாவே கிடைக்கிறது. அதை இறக்கி ஏற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் நடுவில் மெஷின்கார அண்ணன் வந்தார்.

எங்கள் ஆஃப்செட் மெஷினை ஓட்டுகிறவர் அவர். ஒரு பரீட்சையும் எழுதியதில்லை, எழுதப் போவதுமில்லை. அதனால் பரீட்சையைப் பற்றி எல்லாம் தெரியும்.

“பழைய பேப்பர் எதுக்கு தங்கச்சி? அது வந்து முடிஞ்ச கேள்வி. வந்த கேள்வியே திரும்ப வருமா? இப்ப நம்ம மெஷின்ல என்ன ஓடுது?”

ஓடிக்கொண்டிருந்தது வெளியூர்ப் பயிற்சி மையம் ஒன்றின் மாதிரித் தேர்வுப் புத்தகம். ஒவ்வொன்றிலும் இருநூறு கேள்வி வீதம் மாதிரித் தாள்கள்.

“அவுக சும்மாவா அடிக்கிறாக? உள்ள இருந்து சேதி வராமலா அடிப்பாக? இது வரப்போற கேள்வி தங்கச்சி. நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்குது. நீ என்னன்னா பழசத் தேடுற.”

உள்ளே இருந்து என்ன சேதி, யார் சொன்ன சேதி என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடமாகப் புத்தகம் மடிக்கிறவளுக்கு, அச்சில் வருவது எல்லாம் யாரோ அங்கே இங்கே பார்த்துக் கிறுக்கிக் கொடுப்பதுதான் என்று தெரியும். எத்தனை நோட்ஸில் எத்தனை தப்பு விடைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அது என் புத்தியில் வரவில்லை. ஆசை வந்தால் புத்தி வராது, அவ்வளவுதான்.

மெஷினில் ஒரு புதுப் பிளேட்டை, அதாவது அச்சுத் தகட்டை, மாட்டியதும் நல்ல தாள் உடனே வந்துவிடாது. மையும் தண்ணீரும் சரிக்கட்டி வரும்வரை, செட்டிங் என்போம், தாள்கள் வீணாகும். வெளிறியது, கறுத்தது, கோணியது. அதற்குப் பெயர் வேஸ்ட் ஷீட். அந்தத் தாளையே மறுபடி மறுபடி செட்டிங்குக்கு ஓட்டுவதும் உண்டு. பிறகு எடைக்குப் போய், கடைசியில் பட்டாசுக் கம்பெனியில் குழாயாகிவிடும். அந்த வேஸ்ட் குவியலில் இருந்து ஒரு கட்டை அண்ணன் எனக்காக ஒதுக்கினார். ஒதுக்கியதோடு விட்டிருக்கலாம். கட்டிங் மெஷினில் கொடுத்துப் பக்கம் பக்கமாக வெட்டி, தட்டி அடுக்கி, மூன்று ஓரமும் பிசிறில்லாமல் சீவிக் கொண்டுவந்தார். கல்யாணப் பத்திரிகைக் கட்டு மாதிரி இருந்தது.

“பாக்க லட்சணமா இருக்கணும்ல” என்றார்.

இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தாள். நான் ஒரு கையில் தயிர்சோற்றோடு தாளைப் புரட்டினேன். என் பார்வை பக்கத்தின் மேல் இல்லை, சோற்றின் மேல் இருந்தது. சில தாள்களில் கேள்விகளுக்கு நடுவில் பெரிய மயில் ஒன்று தோகை விரித்து நின்றது. முன்பு ஓடிய மத்தாப்பூப் பெட்டி லேபிளின் வேஸ்ட் ஷீட்டிலேயே இந்தக் கேள்வியையும் ஓட்டியிருக்கிறார்கள்.

“மயில எடுக்கவா, விடவா?” என்றாள் அக்கா.

“எடு. கேள்வி தெரியுதுல்ல?”

“தேசியப் பறவை. அதுவே ஒரு கேள்விதான்.”

அந்த ஏ.ஐ.யைப் பணம் கட்டாமல் பயன்படுத்தினால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்று கதவைச் சாத்திவிடும். அதனால் என் போனில் கொஞ்சம், அக்கா போனில் கொஞ்சம், அண்ணன் போனில் கொஞ்சம் என்று பிரித்து ஏற்றினோம். ஒவ்வொன்றிலும் பொது அறிவுப் பாடத்திட்டத்தையும் சேர்த்தோம். “இந்தப் பாடத்திட்டத்தில் எந்தத் தலைப்பில் இருந்து அதிகம் கேள்வி வந்திருக்கிறது? எண்ணி வரிசைப்படுத்து” என்று கேட்டேன்.

அட்டவணை வந்தது. தலைப்பு, எத்தனை கேள்வி, எவ்வளவு முக்கியம் என்று மூன்று பத்தி. என் போனில் முதலிடம் வைட்டமின்களும் குறைபாட்டு நோய்களும். இரண்டாமிடம் மண் வகைகள். மூன்றாமிடம் ஆளுநரின் அதிகாரங்கள். தேசிய இயக்கம், பொருளாதாரம், தமிழ்நாட்டு வரலாறு எல்லாம் அடியில் ‘குறைவு’ என்று ஓரமாகக் கிடந்தன.

அக்கா போனில் மண் முதலிடம், வைட்டமின் இரண்டாமிடம். அண்ணன் போனில் மறுபடி வைட்டமின். மூன்றும் சொல்லிவைத்த மாதிரி ஒரே மூன்று தலைப்பு.

“மூணு போனும் ஒண்ணாச் சொல்லுதுன்னா அப்பீலே கிடையாது” என்றார் அண்ணன்.

அட்டவணைக்குக் கீழே ஒரு வரி கொட்டை எழுத்தில் இருந்தது. ஸ்கர்வி நோய் எந்த வைட்டமின் குறைவால் வருகிறது என்ற கேள்வி பதினொரு முறை எழுத்து மாறாமல் அப்படியே வந்திருக்கிறதாம்.

“பதினோரு தடவையா! ரிப்பீட்டு கேள்விடி!” என்று அக்கா கத்தினாள். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், ரிப்பீட்டு கேள்வி என்றால் கோயில் பிரசாதம் மாதிரி. கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நானும் ஒற்றிக்கொண்டேன். அதற்குக் கீழேயும் போன் ஏதோ நாலு வரி எழுதியிருந்தது. மடிப்பு மேசையில் தாள் சேர்ந்துவிட்டது என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். போனை மூடி இடுப்பில் செருகிவிட்டேன்.

அன்றிலிருந்து பதினெட்டு நாள்.

அந்தப் பதினெட்டு நாளும் எங்கள் பிரஸ் பிரஸ்ஸாக இல்லை. அண்ணன் மெஷினை நிறுத்தி மை போடும்போதெல்லாம் என்னைப் பார்த்து, “பெரிபெரி!” என்று கத்துவார். நான் தாளை மடித்துக்கொண்டே, “பி ஒண்ணு!” என்று கத்துவேன். “பெல்லக்ரா!” “பி மூணு!” லோடு ஏற்ற வந்த லாரிக்காரர் இது ஏதோ புது ஆர்டரின் நம்பர் என்று நினைத்துக்கொண்டு, பி மூணு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஆளுநரின் அதிகாரங்களை அக்கா எடுத்துக்கொண்டாள். பசை டப்பாவை யார் திறந்து போட்டது என்று சண்டை வந்தால், “நான் ஆளுநர். இருநூத்திப் பதிமூணுல அவசரச் சட்டம் போடுறேன், டப்பாவ மூடு” என்பாள். வேலையில் தப்பு செய்தவர்களுக்கு நூற்று அறுபத்தொன்றாவது பிரிவில் மன்னிப்பு. எனக்கு மட்டும் ஒரு தடவைகூட மன்னிப்புத் தரவில்லை.

அண்ணாச்சி, அதாவது எங்கள் முதலாளி, ஒரு நாள் உள்ளே வந்தவர் இந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டார். வேஸ்ட் ஷீட்டைச் சீவியதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“வைட்டமினா படிக்க? எனக்கு டி கம்மின்னு டாக்டர் சொல்லிருக்காரு. அது வருதா பரீட்சைக்கு?”

“வருது அண்ணாச்சி. குறைஞ்சா பிள்ளைகளுக்கு ரிக்கெட்ஸ். எலும்பு வளைஞ்சிரும்.”

“வெயில்ல நிக்கச் சொன்னாரு.”

“ஆமா அண்ணாச்சி, சூரிய ஒளில இருந்துதான் கிடைக்கும்.”

“இந்த ஊர்ல இம்புட்டு வெயிலு காயுது, எனக்குப் போயி டி கம்மியாம். அத எந்தப் பாடத்துல போட்டிருக்கான்?” என்றார். போனைக் கேட்டோம். சிவகாசியில் ஒருவருக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று அது அவர் மனம் நிறையும்படி ஒன்றும் சொல்லவில்லை. ஏசி அறையில் இருந்தால் குறையும் என்றது. அதை அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

வீட்டில் அதைவிட மோசம். வீட்டுக்காரர் பட்டியலைப் பார்த்துச் சமைக்க ஆரம்பித்தார். கண்ணுக்கு முருங்கைக்கீரை, ஈறுக்கு நெல்லிக்காய். அவர் கேள்வி கேட்டு, நான் சரியாகச் சொன்ன பிறகுதான் தட்டில் விழும். கரிசல் மண்ணைப் பற்றி நான் ஒப்பித்தபோது மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

“ஈரப்பதத்தை நீண்ட நேரம் தக்க வைத்துக்கொள்ளும், பருத்திக்கு ஏற்றது, கோடையில் வெடிப்பு விடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நம்ம வீட்டுக்குப் பின்னாடி கிடக்கிறதா?”

“ஆமா.”

“அதுக்கு எதுக்குப் புஸ்தகம்? பின்னாடி போயி எட்டிப் பாத்துட்டு வா.”

பொருளாதாரப் புத்தகத்தையும் வரலாற்றுப் புத்தகத்தையும் திறக்கவே இல்லை. மனதில் உறுத்தியது. போன தடவை இப்படித்தான் விட்டோம் என்று தோன்றியது. ஆனால் போன தடவை விட்டது என் நினைப்பில். இந்தத் தடவை விட்டது அட்டவணை போட்டு. அட்டவணை போட்டு விட்டால் உறுத்தல் பாதிதான் இருக்கும்.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் கம்பெனியில் இருந்து சிரித்துக்கொண்டே வந்தார். சைக்கிளை நிறுத்தவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“ஒன் கேள்வி எங்க கம்பெனி வரைக்கும் வந்துருச்சு. இன்னைக்குப் புதுசா வந்த காகிதக் கட்டுல பூராம் கேள்வித்தாளு. ஒரு குழாய உருட்டுனேன், மேல ஸ்கர்வி. சரி, நம்ம ஆளு கேள்வின்னு சிரிச்சுக்கிட்டேன். அடுத்த குழா, ஸ்கர்வி. அதுக்கடுத்தது கரிசல் மண்ணு. மறுபடி ஸ்கர்வி. சாயங்காலம் வரைக்கும் எம்புட்டு உருட்டியிருப்பேன், எல்லாத்துலயும் அதே எட்டுப் பத்துக் கேள்விதான். பக்கத்துல உருட்டுறவரு கேக்காரு, என்ன மாப்ள, இந்தப் பரீட்சைக்கு ஒரே கேள்விதானா, அப்ப நானே எழுதிருவனேன்னு.”

அவர் சட்டைப்பையில் இருந்து மூன்று காகிதத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். மூன்றிலும் ஒரே கேள்வி. ஒரே எண். ஒரே இடத்தில் ஒரே எழுத்து கொஞ்சம் உடைந்திருந்தது. பிளேட்டில் கீறல் விழுந்தால் அப்படித்தான் உடையும். வேறு வேறு பக்கத்தில் ஒரே கேள்வி வரலாம். ஒரே எழுத்து ஒரே இடத்தில் உடையாது.

புத்தகம் மடித்தே பன்னிரண்டு வருடம் தின்றவள் நான். இதைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் பார்க்கவே இல்லை.

நடந்தது இதுதான். புத்தகம் ஒவ்வொரு பக்கமாக அச்சாவதில்லை. பெரிய தாளில் முன்னால் எட்டுப் பக்கம், பின்னால் எட்டுப் பக்கம் அடித்து மடிப்போம். அது ஒரு ஃபாரம். கடைசியில் எட்டே பக்கம் மிச்சமானால் அது அரை ஃபாரம். அப்போது அந்த எட்டுப் பக்கத்தையே தாளின் இரண்டு பக்கமும் அடித்து, நடுவில் வெட்டி, இரண்டு பிரதியாக எடுத்துக்கொள்வோம். ஆக, அந்தத் தாளில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு முறை இருக்கும். இந்தப் புத்தகத்தின் அரை ஃபாரம் ஓடிய அன்றைக்கு மெஷின் மக்கர் செய்து, மை பிடிக்காமல், வேஸ்ட் குவிந்துவிட்டது. அண்ணன் எனக்கு அள்ளிக் கொடுத்த கட்டில் பெரும்பாலும் அதுதான். அதில் இருந்தவை வைட்டமின், மண், ஆளுநர். பக்க எண்ணையாவது பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாம் என்றால், லட்சணமாக இருக்கவேண்டும் என்று ஓரம் சீவியபோது அதுவும் போய்விட்டது.

ஆக, நான் பதினெட்டு நாளாகப் படித்தது தேர்வாணையம் அதிகம் கேட்பதை அல்ல. எங்கள் மெஷின் எந்த ஃபாரத்தில் அதிகம் மக்கர் செய்தது என்பதை.

மறுநாள் காலை நான் போட்ட சத்தத்தில் பிரஸ்ஸே நின்றது. முடிந்த புத்தகம் ஒன்றை எடுத்து அண்ணன் முன்னால் விரித்தேன்.

“இதுல வைட்டமின் எத்தன தடவ வருது, எண்ணிச் சொல்லுங்க.”

எண்ணினார். “ஒரு பக்கம்தான் இருக்கு தங்கச்சி.”

“கட்டுல எத்தன பக்கம் குடுத்தீக?”

“நான் பிரிண்டத்தான் பாப்பேன் தங்கச்சி. எழுத்து புரியுற மாதிரி இருந்ததப் பாத்துப் பாத்து எடுத்தேன். கேள்வியப் பாக்குறது என் வேலையா?”

“நீ படம் பிடிச்சியே, ஒனக்குமா தெரியல?” என்று அக்காவிடம் திரும்பினேன்.

“எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. கேள்வித்தாளுன்னா ஒரே மாதிரிதான இருக்கும்? நீதானடி புரட்டுன, நீ என்னத்தப் பாத்த?”

தயிர்சோற்றைப் பார்த்தேன் என்றா சொல்வது?

கோபத்தில் போனைத் திறந்தேன். அன்றைக்குப் படிக்காமல் மூடிய நாலு வரியை அப்போதுதான் படித்தேன். இவை அரசுத் தேர்வில் வந்த தாள்களாகத் தெரியவில்லை, மாதிரித் தாள்களாகத் தெரிகின்றன. சில வினாக்கள் எழுத்து மாறாமல் பலமுறை வந்துள்ளன, ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் பதிவேறியிருக்கிறதா என்று பாருங்கள். சில பக்கங்களில் மயில் உருவம் எழுத்தை மறைக்கிறது. குறைவு என்று உள்ள தலைப்புகளை முழுவதும் விட்டுவிட வேண்டாம். எல்லாம் அழகாக, வரிசையாக, பதினெட்டு நாளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தது.

எனக்கு அதன்மேல் இன்னும் கோபம் வந்தது. இதை மேலே அல்லவா எழுதியிருக்க வேண்டும்? “மூதேவி, இத முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று தட்டினேன். மன்னிப்புக் கேட்டது. அசல் கேள்வித்தாள்கள் இருந்தால் பதிவேற்றுங்கள், மறுபடி வரிசைப்படுத்தித் தருகிறேன் என்றது. திருப்பித் திட்டாத ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது?

பன்னிரண்டு நாள் மிச்சம். அன்று மதியம் உட்கார்ந்து ஆணையத்தின் இணையதளத்தில் இருந்து பழைய தாள்களை இறக்கினேன். ஒரு தேர்வுக்கு ஒரு கோப்பு, பெயரிலேயே வருடம். ஒன்று முடிந்த பிறகு ஒன்று ஏற்றினேன். மொத்தமாக எண்ணிச் சொல்லாதே, ஒவ்வொரு கேள்வியின் எண்ணையும் அது எந்தத் தலைப்பு என்பதையும் எழுது, பிறகு கூட்டு என்றேன். வந்ததில் முப்பது கேள்வியை நானே எடுத்துச் சரிபார்த்தேன். இரண்டைத் தப்பான தலைப்பில் போட்டிருந்தது. சொன்னதும் மாற்றியது. இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

வரிசை வந்தது. அறிவியல், அரசியலமைப்பு, வரலாறு, தமிழ்நாடு, பொருளாதாரம், புவியியல். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். வைட்டமின் மட்டும் தாளுக்கு ஒன்று வந்தால் உண்டு.

“எது மொதல்ல வந்திருக்கு?” என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

“எல்லாமே வந்திருக்கு.”

“அப்ப என்ன படிக்கப்போற?”

“எல்லாத்தையும்தான் படிக்கணும்.”

“இதச் சொல்றதுக்கு ஒரு போனாடி?”

பன்னிரண்டு நாளில் முடிந்ததைப் படித்தேன். ஒவ்வொரு தலைப்பிலும் அதிகம் வந்த கிளைத் தலைப்பை மட்டும் எடுத்து, பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துப் படித்தேன். பொருளாதாரத்தில் பாதிதான் வந்தது. தமிழ்நாட்டு வரலாறு இன்னும் கொஞ்சம். அண்ணன் பெரிபெரி என்று கத்துவதை நிறுத்திவிட்டார். பாவமாக இருந்தது, ஆனாலும் பேசவில்லை.

சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதினேன். வைட்டமினில் ஒரே ஒரு கேள்வி. ரத்தம் உறைய எது வேண்டும். வைட்டமின் கே. கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டேன். இருநூறு கேள்விக்கு முந்நூறு மதிப்பெண், கேள்விக்கு ஒன்றரை. பதினெட்டு நாளின் கூலி. மண் வரவில்லை. ஆளுநர் வரவில்லை. பொருளாதாரத்தில் நான் எட்டாமல் விட்ட பாதியில் இருந்து மூன்று கேள்வி வந்தன. விடைத்தாளில் விடை தெரியவில்லை என்பதற்கும் ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள், அதைக் கறுப்பாக்கினேன். தெரியாது என்பதையும் பேனாவால் அழுத்தி எழுதிக் கொடுக்க வைக்கிறார்கள். நல்ல நாட்டில் பிறந்தோம்.

மறுநாள் பிரஸ்ஸுக்குப் போனால் அக்காவின் முதல் கேள்வி, “மயில் வந்துச்சா?”

முடிவு வர மாதங்கள் ஆயின. அதற்குள் லேபிள் சீசன் முடிந்து காலண்டர் சீசன் வந்துவிட்டது. மதிய நேரத்தில் போனில்தான் பார்த்தேன். போன தடவையைவிட முன்னால் இருந்தேன். ஆனால் வேலைக்கு எட்டாத இடம். எட்டியவர்களுக்கும் எனக்கும் இடையில் எத்தனை கேள்வி என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. மூன்றுக்கு மேல் இருக்காது. கணக்கை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் யாரும் சொல்வதற்கு முன்னால் நானே புத்தகங்களைக் கட்டினேன். பிரஸ்ஸில் கட்டுகிற மாதிரி, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, இறுக்கமாக. ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் ஏற்றும்போது அவர் வந்தார். முடிவு என்ன என்று கேட்கவில்லை. கட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

“எறங்கு” என்றார்.

“சத்தியம் பண்ணிருக்கேன்.”

“எறங்கு மொதல்ல. ஒரு விசயம் கேக்கணும். ஒங்க பிரஸ்ல செட்டிங்குக்கு ஓட்டுற தாள ஆர்டர்ல சேத்து எண்ணுவீகளா?”

“எண்ண மாட்டோம். அது வேஸ்ட். ஆர்டரு நல்ல தாள்ல இருந்துதான் எண்ணுவாக.”

“அப்ப பதினெட்டு நாளு நீ ஓட்டுனது?”

நான் ஸ்டூல் மேலேயே நின்றேன்.

“அது வேஸ்டுல போச்சு. மெஷின் மக்கருக்கு நீ என்ன செய்வ? ஒரு தடவன்னு நான் சொன்னது நல்ல தடவயத்தான். அந்தத் தடவ இன்னும் ஓடல.”

“சோறு யாரு ஆக்குறது?”

“நான்தான்.”

“குழையாம ஆக்குவீகளா?”

“அத சத்தியம் பண்ண முடியாது.”

கட்டைக் கீழே இறக்கினேன். நான் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, அவ்வளவு இறுக்கம். அவர் அரிவாள்மணையைக் கொண்டுவந்து நூலை அறுத்தார். மேலே இருந்தது பொருளாதாரப் புத்தகம். அதையே திறந்தேன்.

அடுத்த வாரம் அண்ணன் ஒரு கட்டைக் கொண்டுவந்து மடிப்பு மேசையில் வைத்தார். வேறு ஒரு மையத்தின் புத்தகமாம். மூன்று ஓரமும் சீவி, லட்சணமாக இருந்தது. இந்தத் தடவை பக்க எண்ணை மட்டும் விட்டுச் சீவியிருந்தார்.

“ஒரு ஃபாரத்துக்கு ஒரு தாளுதான் எடுத்திருக்கேன் தங்கச்சி. எண்ணிப் பாத்துக்க.”

எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லி, குழாய் உருட்டப் போகிற குவியலில் போட்டுவிட்டேன்.